"HDMI 2.1" என்று பெட்டியில் இருக்கும், 4கே 120 ஹெர்ட்ஸ் வராது: மானிட்டர் வாங்குமுன் இதைப் படியுங்கள்

கன்சோலுக்காக 4கே மானிட்டர் தேடுகிறவர்கள் கவனத்துக்கு. பெட்டியில் "4K 144Hz" என்று போட்டிருக்கும், "HDMI 2.1" என்றும் போட்டிருக்கும். இரண்டும் உண்மைதான். ஆனாலும் பிளேஸ்டேஷன் 5-ஐச் செருகினால் 4கேயில் 60 ஹெர்ட்ஸைத் தாண்டாது. அப்படியொன்றை என் தலையில் கட்டிவிட்டார்கள். "கன்சோல்ல 4கே 120 வருமா?" என்று கேட்டுத்தான் வாங்கினேன். "2.1 போர்ட் சார், கண்ணை மூடிட்டு எடுங்க" என்றார் விற்றவர்.

120 ஹெர்ட்ஸ் உள்ள ஒரு கேமைத் திறந்ததும் திரை ஒரு நொடி கறுத்து மீண்டது. ஓட்டம் வழுக்கிக்கொண்டு போனது, ஆனால் எழுத்தெல்லாம் மசமசவென்று இருந்தது. மானிட்டரின் சொந்த மெனுவில் தகவல் பக்கத்தைத் திறந்தேன்: 1920x1080, 120Hz. 4கேயில் 120 அனுப்ப வழியில்லாததால் கன்சோல் சத்தமில்லாமல் 1080பி-க்கு இறங்கியிருக்கிறது. இதை கேம் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். பிஎஸ்5-இன் முகப்புத் திரை எப்போதும் 60-இல்தான் இருக்கும்; அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

விற்றவரிடம் சொன்னால், "கேபிள் பிரச்சினை சார், 8கே கேபிள் போடுங்க" என்று இன்னொரு பில் போடப் பார்த்தார். பிஎஸ்5-உடன் பெட்டியிலேயே வருவது அல்ட்ரா ஹை ஸ்பீடு கேபிள், 48 ஜிகாபிட் வரை தாங்கும் வகை. அதையேதான் மாட்டியிருந்தேன். கேபிள் கோளாறு என்றால் பெரும்பாலும் படம் விட்டுவிட்டுக் கறுக்கும், புள்ளிகள் மின்னும். எனக்கு வந்த 1080பி படத்தில் ஒரு குறையும் இல்லை. போர்ட்டின் மேல்தான் சந்தேகம் விழ வேண்டும்.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது விஷயம்: "HDMI 2.1 (TMDS)", அதிகபட்சம் 3840x2160 @ 60Hz. 144 ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளேபோர்ட்டில் மட்டும். கன்சோல்களில் டிஸ்ப்ளேபோர்ட்டே கிடையாது என்பது விற்கிறவருக்குத் தெரியாதா என்ன! டிஸ்ப்ளேபோர்ட்–எச்டிஎம்ஐ கேபிளும் உதவாது. அந்தச் சாதாரணக் கேபிள்கள் கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ திரைக்குப் போகும் ஒருவழிப் பாதை.

TMDS என்பது பழைய 2.0 காலத்து அனுப்பும் முறை. அதன் உச்சம் நொடிக்கு 18 ஜிகாபிட். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு 4கே சட்டகம், ஓரங்களில் விடும் வெற்று நேரத்தையும் சேர்த்து, 4400 x 2250 புள்ளி, அதாவது 99 லட்சம். அதை 60 முறை, புள்ளிக்கு 24 பிட் என்று அனுப்பினால் 14.26 ஜிகாபிட். இந்த முறையில் 8 பிட்டை 10 பிட்டாக்கி அனுப்புவதால் அது 17.82 ஆகிவிடும். 60-க்கே குழாய் நிரம்பிவிட்டது, 120-க்கு இடம் ஏது? 2.1-இல் வந்த FRL என்ற புது முறைதான் அதற்கு மேலே போகும். பிஎஸ்5 அதில் 32 ஜிகாபிட் வரையும், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 40 வரையும் அனுப்பும்.

பிறகு எப்படி 2.1 என்று போட்டார்கள்? 2.1-இன் புது வசதிகள் எல்லாமே விருப்பத்துக்குரியவை. 2.0 என்று தனியாகச் சான்று இனி இல்லை, அதுவும் 2.1-க்குள் அடங்கிவிட்டது என்று உரிமம் வழங்கும் அமைப்பே 2021-இல் சொல்லிவிட்டது. எந்த வசதி உண்டு என்பதைத் தயாரிப்பாளர் குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான். என் மானிட்டர்காரர் குறிப்பிட்டிருக்கிறார், கடைசிப் பக்கத்தில். அந்த அமைப்பின் விதிப்படி தப்பில்லை; எனக்கு இது பச்சை ஏமாற்றுதான்.

ஆகவே "2.1-ஆ?" என்று கேட்காதீர்கள். "எச்டிஎம்ஐ போர்ட்டில் 3840x2160 @ 120Hz வருமா, FRL எத்தனை ஜிகாபிட்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தயாரிப்பாளரின் கையேட்டில் எச்டிஎம்ஐ வரியைத் தனியாகப் படியுங்கள். எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் கடையிலேயே செருகி "4K TV details" பக்கத்தைத் திறந்தால், 4கே 120-க்கு நேரே பச்சையா சிவப்பா என்று தெரிந்துவிடும். 1080பி-இல் 120 ஓட்டிக் காட்டினால் மயங்க வேண்டாம். அதற்கு இந்தக் கணக்கில் 8.91 ஜிகாபிட்தான், பழைய போர்ட்டே போதும்.

திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். பெட்டியில் போட்டது சரிதானாம். இப்போதைக்கு பிஎஸ்5-இன் Video Output பகுதியில் 1440p-ஐத் தேர்ந்தெடுத்து, அங்கேயே உள்ள சோதனையை ஓட்டினேன். 1440பி 120 அந்த 18 ஜிகாபிட்டுக்குள் அடங்குகிறது, என் மானிட்டரும் ஏற்றுக்கொண்டது. 1080பி-யை விடத் தெளிவு, 4கே அளவுக்கு இல்லை. இதே வலையில் மாட்டியிருப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள், புதுக் கேபிளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.