வாடிக்கையாளர் செய்திகளைத் தானாகச் சேகரித்துத் தருவதாகச் சொல்லி வருவோரிடம் கவனமாக இருங்கள்

பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பகுதிகளில் துணிக்கடையோ தையற்கடையோ நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களுக்கு வரும் கமெண்ட்டுகளையும் வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளையும் ஒன்றுவிடாமல் ஒரே கூகுள் ஷீட்டில் தானாகச் சேர்த்துத் தருகிறோம் என்று மாதக் கட்டணம் பேசும் சிறு நிறுவனங்கள் இப்போது கடை கடையாக ஏறி இறங்குகின்றன. அப்படி ஒன்றிடம் எங்கள் கடை ஏமாந்தது. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. செய்த முறை தெரிந்தால் போதும், யார் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

எங்கள் அண்ணி நடத்துவது பிளவுஸ் தைக்கும் கடை. கணக்கு வழக்கு என் பொறுப்பு. தையற்கடைக்கு வரும் செய்திகள் மளிகைக் கடைக்கு வருகிறவை போன்றவை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெண்கள் மார்பளவு, இடுப்பளவு, கழுத்து இறக்கம் எல்லாவற்றையும் எழுதி அனுப்புவார்கள். பொருந்திய பழைய பிளவுஸை அணிந்தபடி எடுத்த படமும் வரும். வீட்டு முகவரியும், எந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருப்பார்கள் என்பதும் அதே செய்தியில் இருக்கும். இவையெல்லாம் பெயரோடும் கைபேசி எண்ணோடும் ஒரே வரியாக ஷீட்டில் விழுந்துகொண்டிருந்தன. பதில் சொல்வதற்கும் அளவை மறக்காமல் இருப்பதற்கும் அது உதவியாக இருந்தது என்பதை மறுக்க முடியாது.

ஷீட்டில் ஒரு நெடுவரிசையை எங்கள் பெண்கள் தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். ஒரே பெயரில் பலர் இருப்பதால், ஆளைப் பிரித்தறிய “நீலப் புடவை அக்கா, கொருக்குப்பேட்டை” என்பது போன்ற அடையாளக் குறிப்புகளை அதில் எழுதிவைப்பார்கள். அவை எங்கள் கடைக்குள் மட்டுமே வழங்கிய பெயர்கள், வாடிக்கையாளருக்கே தெரியாது. ஒருநாள் அந்த வாடிக்கையாளர் கடைக்கு வந்து, நகைக்கடன் விளம்பரம் ஒன்று தம் வாட்ஸ்அப்புக்கு வந்திருப்பதைக் காட்டினார். “வணக்கம் நீலப் புடவை அக்கா, கொருக்குப்பேட்டை” என்று அது தொடங்கியது. “இந்தப் பேரு யாரும்மா எனக்கு வெச்சது?” என்று அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. கைபேசி எண் ஆயிரம் வழிகளில் வெளியே போகலாம். அந்தக் குறிப்பு வெளியே போக ஒரே ஒரு வழிதான் உண்டு.

நிறுவனத்தைக் கேட்டோம். தங்களிடம் இருந்து எதுவும் போகவில்லை என்றார்கள். எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்றோம். மறுநாளே, “அழித்தாகிவிட்டது சார்” என்று வெறும் ஷீட்டின் படத்தை அனுப்பினார்கள். இந்தப் படத்தை நம்பக்கூடாது என்பதுதான் இப்பதிவை எழுதுவதற்கு முதற்காரணம். கூகுள் ஷீட்டில் வரிகளை நீக்கினால் அவை கண்ணுக்குத்தான் மறைகின்றன. திருத்தும் அனுமதி உள்ள எவரும் File பட்டியலில் Version history என்பதைத் திறந்தால் முந்தைய நிலைகள் வரிசையாக நிற்கும். ஒரு தேதியைத் தொட்டால் அன்றைய ஷீட் முழுவதும் அப்படியே விரியும். நாங்கள் திறந்து பார்த்தபோது அளவுகளும் முகவரிகளும் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. அந்த ஷீட்டின் உரிமையாளர் கணக்கு நிறுவனத்துடையது. கோப்பையே முழுதாக நீக்கவும் எங்களுக்கு அதிகாரம் இல்லை. அதற்கு மேல், இணைப்பு வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்ற முறையில் அது பகிரப்பட்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

ஷீட்டோடு முடிந்துவிடவும் இல்லை. செய்திகளைப் பிடித்து ஷீட்டுக்கு அனுப்பும் வேலையை n8n என்ற தானியங்கி மென்பொருளில் அமைத்திருந்தார்கள். அங்கே வேலை செய்த இளைஞர் ஒருவர், எங்கள் கோபத்தைப் பார்த்தோ மனம் கேளாமலோ, திரையைப் பகிர்ந்து Executions என்ற பக்கத்தைக் காட்டினார். ஒரு செய்தி வந்து சேரும் ஒவ்வொரு தடவையும் அந்த ஓட்டம் முழுவதும், செய்தியின் வாசகம் உட்பட, அங்கே பதிவாகிறது. பிழை நேர்ந்தால் கண்டுபிடிப்பதற்காக உள்ள வசதி அது. இயல்பான அமைப்பில் பழைய ஓட்டங்கள் 336 மணி நேரத்துக்குப் பிறகு, அதாவது 14 நாளில், தாமாகவே நீங்கும். இவர்கள் அந்த நீக்கத்தையே நிறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் தொடக்க நாளில் வந்த செய்தி முதற்கொண்டு எல்லாம் அங்கே கிடந்தது. சரியாக அமைத்திருந்தால் இந்த வரிகள் இருந்திருக்கும்:

```
EXECUTIONS_DATA_PRUNE=true
EXECUTIONS_DATA_MAX_AGE=336
EXECUTIONS_DATA_SAVE_ON_SUCCESS=none
```

மூன்றாவது வரி முக்கியமானது. பிழையின்றி முடிந்த ஓட்டங்களின் உள்ளடக்கத்தைச் சேமிக்கவே வேண்டாம் என்பது அதன் பொருள். ஷீட்டில் ஏற்கெனவே பதிவான செய்திக்கு இன்னொரு நகல் எதற்கு?

கமெண்ட்டுகளில் வேறொரு குறை வெளிப்பட்டது. கல்லூரி மாணவி ஒருவர் ஃபேஸ்புக் பதிவின் கீழ் தம் அளவைக் குறிப்பிட்டு விலை கேட்டுவிட்டு, எல்லோரும் பார்ப்பார்களே என்று உடனே நீக்கியிருந்தார். ஷீட்டில் அது நீங்கவில்லை. பக்கத்தில் ஒரு கமெண்ட் வரும்போது ஃபேஸ்புக் வெப்ஹூக் என்ற வழியாகத் தானியங்கிக்கு உடனுக்குடன் தகவல் அனுப்புவது போலவே, அது நீக்கப்படும்போதும் அனுப்புகிறது. வேறுபாடு ஒரே ஒரு சொல்தான்:

```
"item": "comment",
"verb": "remove"
```

நிறுவனத்தின் அமைப்பு "add" என்று வருவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டது. இன்ஸ்டாகிராமின் தனிச்செய்தியை அனுப்பியவர் திரும்பப் பெற்றால் is_deleted என்ற குறிப்புடன் தகவல் வருகிறது. அதையும் அவர்கள் பொருட்படுத்தவில்லை. எழுதியவர் வேண்டாம் என்று எடுத்துவிட்டதை நாம் வைத்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவும் வழியில்லை.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னபோது அவர்கள் கூறிய சமாதானங்களையும் பதிவு செய்ய வேண்டும், ஏனெனில் உங்களிடமும் இதையே சொல்வார்கள். முதலாவது, ஜிஎஸ்டி சட்டப்படி ஆறு ஆண்டுகள் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும் என்பது. கணக்குப் புத்தகங்களையும் பில்களையும், ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் வரி அதிகாரிக்கு வேண்டியது பில். பில்லில் யாருடைய கழுத்து இறக்கமும் இருப்பதில்லை. இரண்டாவது, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை என்பது. சட்டம் 2023இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதுவரை எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. தொழிலுக்கு இனித் தேவைப்படாத தரவையும், பயனர் அழிக்கச் சொன்ன தரவையும் அழிக்க வேண்டும் என்பதும், அதை விற்கக்கூடாது என்பதும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றுக்கும் உரிமையாளரான மெட்டா நிறுவனம் தன் தளத்தைப் பயன்படுத்துவோருக்கு விதித்திருக்கும் நிபந்தனைகளிலேயே உள்ளன. ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் வணிகச் செய்தி அனுப்ப அவருடைய முன்சம்மதம் வேண்டும் என்பதும் அப்படியே. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர்கூட நகைக்கடன்காரருக்குச் சம்மதம் தரவில்லை.

மூன்றாவது சமாதானத்தில் பாதி உண்மை இருந்தது. பொதுவெளியில் ஒருவர் தாமே வெளியிட்ட தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றார்கள். கமெண்ட்டுக்கு அந்த விலக்கைக் காட்டி வாதிட முடியும். தனிச்செய்தியில் வந்த படத்துக்கும் அளவுக்கும் அது எப்படிப் பொருந்தும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இரண்டையும் ஒரே ஷீட்டில் கலந்து வைத்ததால் எது பொதுவெளியில் வந்தது, எது தனியாக வந்தது என்று பிரிக்கவும் இயலாமல் போயிருந்தது.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இந்தச் சட்டத்தில் உண்டு. நமக்காக வேலை செய்யும் நிறுவனம் தவறினாலும் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு நாம்தான். எந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது மாறாது. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறியதற்கான தண்டத் தொகையின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். தையற்கடைக்கு அவ்வளவு விதிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. “சாஃப்ட்வேர்காரன் பார்த்துப்பான்” என்று விட்டுவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது கடையில் செய்திருக்கும் ஏற்பாடு இது. ஷீட் எங்கள் சொந்தக் கணக்கில் இருக்கிறது. முதற்செய்தி அனுப்புகிறவருக்குத் தமிழில் பதில் போகிறது: அளவும் முகவரியும் இந்த ஆர்டருக்காக மட்டும் வைத்திருக்கப்படும், துணியை ஒப்படைத்த 45 நாளில் அழிக்கப்படும், புதுத் துணி வரவு பற்றித் தகவல் வேண்டுமானால் மட்டும் “சம்மதம்” என்று அனுப்பவும், பிறகு வேண்டாமென்றால் “நிறுத்து” என்று அனுப்பினால் போதும். சம்மதம் தராதவருக்கும் துணி தைத்துத் தருகிறோம். 45 நாள் என்பது அண்ணியின் கணக்கு: ஆல்டரேஷனுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் வந்துவிடுகிறார்கள், தீபாவளி நெருக்கடியில் கொஞ்சம் தள்ளிப்போகும். விலை மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்களின் செய்தியை 15 நாளுக்கு மேல் வைப்பதில்லை. மாதத்துக்கு ஒரு ஷீட் என்று வைத்து, கெடு முடிந்ததும் கோப்பையே நீக்கிக் குப்பைத்தொட்டியிலிருந்தும் அகற்றுகிறோம். வரிவரியாக அழித்தால் பழைய பதிப்புகள் தங்கிவிடும் அல்லவா. நிரந்தர வாடிக்கையாளரின் அளவு, அவரிடம் தனியாகக் கேட்டு, கடையின் அளவு நோட்டில் ஏறுகிறது. அந்த நோட்டுக்கு வெப்ஹூக் கிடையாது.

பழைய நிறுவனத்திடம் கட்டிய பணம் திரும்ப வரவில்லை. எங்கள் பக்கத்தில் அவர்களுடைய செயலிக்கு இருந்த அனுமதியை நீக்கிவிட்டோம். அது புதிய செய்திகள் போவதைத்தான் நிறுத்தும், ஏற்கெனவே போனதை மீட்டுத் தராது. அழித்துவிட்டதாகக் கடிதம் தந்திருக்கிறார்கள். நகைக்கடன்காரர் கையில் உள்ள பட்டியலை யாராலும் அழிக்க வைக்க முடியவில்லை. ஷீட்டில் இருந்த எல்லோருக்கும் என்ன போயிற்று என்பதை எழுதி அனுப்பினோம். சிலர் திட்டினார்கள், சிலர் அதன்பின் வரவே இல்லை.

அதே ஆட்கள் எம்.சி. சாலைப் பக்கம் இன்னும் கடைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். “ஒரு மெசேஜ்கூட விட்டுப்போகாது, எப்போ வேணும்னாலும் எடுக்கலாம்” என்று யாராவது உங்களிடம் பெருமையாகச் சொன்னால், உங்கள் கைபேசியிலிருந்து ஒரு சோதனைச் செய்தியை அனுப்பி, அதை உங்கள் எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள். பிறகு பதிப்பு வரலாற்றையும் Executions பக்கத்தையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.