வளைகுடாவுக்கு அனுப்பும் வெல்டர் ரெஸ்யூம்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

துவாக்குடிப் பட்டறையில் என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில், "அண்ணே, உங்க ரெஸ்யூமை வாட்ஸப்ல அனுப்புங்க, பேரையும் தேதியையும் மட்டும் மாத்திக்கிறேன்" என்றார். பெயரை மாற்றிவிடலாம். தேதியை மாற்றுவதில்தான் இந்தக் காகிதத்தின் தொல்லை முழுவதும் இருக்கிறது. ஆகவே, குழாய் வெல்டராக வளைகுடா நாடுகளுக்கு விண்ணப்பிப்பதற்காகப் பல ஆண்டுகளாக நான் வைத்திருந்து, அவ்வப்போது திருத்தியும் வரும் ஆங்கில ரெஸ்யூம் எப்படி உழைத்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜெராக்ஸ் கடையில் அடித்துத் தரும் வடிவம் எல்லோருக்கும் தெரிந்ததே. தந்தை பெயர், மதம், 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்ற உறுதிமொழி ஆகியவை இருப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை. அவற்றை எடுத்துவிட்டாலும் இதுவரை எவரும் கேட்டதில்லை.

என்னை இன்றுவரை எரிச்சலூட்டுவது 'Employer' என்ற ஒற்றை வரிதான். நம் பக்கத்து வெல்டரிடம் அவருடைய வேலை வரலாற்றைக் கேட்டால், ஊரையும் ஆளையும் வைத்துத்தான் சொல்வார். இந்தத் தம்பியும் அப்படித்தான் சொன்னார்: ஐடிஐ முடித்து 2014-இல் பட்டறையில் சேர்ந்தார், 2017 பொங்கல் கழிந்ததும் ஒரு போர்மேனோடு மேட்டூர் ஷட்டவுனுக்குப் போனார், அங்கிருந்து தூத்துக்குடி, பிறகு நெய்வேலி, நடுவில் தங்கை திருமணத்துக்காக ஊரில் சில மாதங்கள், அதன் பின் மணலி. இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை, எல்லாம் உழைத்த காலம். ஆனால் ஆங்கில ரெஸ்யூம் கேட்பது வேறு: யார் உன்னை வேலைக்கு வைத்திருந்தார், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, அதுவும் கடைசி வேலையிலிருந்து பின்னோக்கி. மேட்டூரில் அவருடைய முதலாளி யார்? அனல் மின் நிலையமா, பராமரிப்புப் பணியை எடுத்த பெரிய ஒப்பந்ததாரரா, அவரிடம் சப் கான்ட்ராக்ட் எடுத்தவரா, வாரக் கடைசியில் கையில் பணம் எண்ணிக் கொடுத்த போர்மேனா?

பெரும்பாலான ரெஸ்யூம்களில் மின் நிலையத்தின் பெயரையே முதலாளியாகப் போட்டுவிடுகிறார்கள். பார்க்கப் பெருமையாக இருக்கும். சரிபார்க்கும் ஆள் அங்கே விசாரித்தால், அப்படி ஒரு பணியாளரே இல்லை என்ற பதில் வரும், பொய் சொன்னவர் என்ற பெயரும் சேர்ந்து வரும். இதற்கு நேர்மாறாக, போன இடம் ஒவ்வொன்றையும் தனித்தனி நிறுவனமாக எழுதுகிறவர்களும் உண்டு. ஷட்டவுன் வேலை என்பது ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் முடிவது. கொதிகலனை நிறுத்தி, குழாய்களை மாற்றி, மறுபடி ஓட்டிவிட்டால் ஆட்களை அனுப்பிவிடுவார்கள். அதை அப்படியே எழுதினால், எங்கும் நிலைத்து நிற்காத ஆள் போலத் தெரியும். ஒரு நேர்காணலில் என்னிடம், ஏன் இத்தனை கம்பெனி மாறினாய் என்று கேட்டார்கள். வேலை முடிந்தது, வந்தேன் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்? கேட்டவரும் ஷட்டவுன் நடத்துகிற நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதுதான் அன்றைய கோபத்துக்குக் காரணம். நியாயமாகப் பார்த்தால், நூற்றுக்கணக்கான காகிதங்களைப் புரட்டும் அவருக்கு அந்தப் பக்கத்தில் தெரிந்தது அவ்வளவுதான்.

இதற்கு நான் கண்ட தீர்வு, நினைவிலிருந்து எழுதுவதை நிறுத்திவிட்டு பிஎஃப் பதிவிலிருந்து எழுதுவது. யுஏஎன் எண்ணைக் கொண்டு பிஎஃப் உறுப்பினர் தளத்தில் நுழைந்து View என்ற பகுதியில் Service History-ஐத் திறந்தால், யார் உங்கள் பெயரில் பிஎஃப் கட்டினாரோ அந்த நிறுவனத்தின் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகிய மூன்றும் வரிசையாக வரும். சட்டப்படி உங்கள் முதலாளி என்று காட்டத்தக்கவர் அவரே. பெரும்பாலும் அது பெரிய ஒப்பந்ததாரராகவோ சப் கான்ட்ராக்டராகவோ இருக்கும். நீங்கள் கேள்விப்பட்டே இராத பெயராகவும் இருக்கலாம். தம்பியின் பதிவைத் திறந்தபோது, அவர் நான்கு ஊர்களாகச் சொன்ன காலம் அங்கே இரண்டே ஒப்பந்ததாரர்களின் பெயரில் இருந்தது. மேட்டூரும் தூத்துக்குடியும் ஒருவருக்குக் கீழே வந்தன, நெய்வேலியும் மணலியும் மற்றவருக்குக் கீழே. ஆகவே ரெஸ்யூமில் இரண்டு பதிவுகள் போதும். ஊர்கள் அவற்றின் உள்ளே வரும்.

```
Employer : (name as in PF record)
Position : Pipe Welder (TIG + Arc)
Period   : Feb 2017 - Aug 2018
Sites    : Thermal power stations, Mettur, Tuticorin
```

இப்படி எழுதினால் கேள்விகள் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் அந்தப் பதிவிலும் ஓட்டைகள் உண்டு. வேலை முடிந்ததும் ஆளை மறந்துவிடும் ஒப்பந்ததாரர், விலகிய தேதியைப் பதிவதையும் மறந்துவிடுவார். தேதி பதியப்படாவிட்டால், நீங்கள் இன்னும் அங்கேயே வேலையில் இருப்பதாகத்தான் பதிவு சொல்லும். அடுத்த ஒப்பந்ததாரரிடம் சேர்ந்த தேதி அதன் மேல் ஏறி உட்காரும். கடைசியாகப் பணம் கட்டப்பட்டு இரண்டு மாதம் கழிந்துவிட்டால், Manage பகுதியில் உள்ள Mark Exit வழியாக விலகிய தேதியை நாமே பதியலாம். ரெஸ்யூம் எழுத உட்காரும் முன் இதைச் செய்துவிட வேண்டும். காகிதத்தில் ஒரு மாதமும் பதிவில் வேறொரு மாதமும் இருப்பதை நேர்காணலில் உட்கார்ந்து விளக்குவதைவிட இது எவ்வளவோ எளிது.

பட்டறைக் காலத்துக்கு இந்த வழி உதவாது. இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்குப் பிஎஃப் சட்டம் கட்டாயமில்லை. ஆகவே தம்பியின் 2014 முதல் 2017 வரையிலான காலம் எந்த அரசுப் பதிவிலும் இல்லை. லெட்டர்ஹெட்டில் பட்டறை முதலாளி எழுதித் தரும் அனுபவச் சான்று ஒரு வழி. சேர்ந்த மாதம், விலகிய மாதம், செய்த வேலை, பட்டறையின் முகவரி, தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அதைவிட உறுதியான ஒன்று பல வெல்டர்களின் பெட்டியிலேயே கிடக்கிறது: அங்கே எடுத்த தகுதிச் சோதனையின் சான்று. அமெரிக்க ஏஎஸ்எம்இ விதிகளின் ஒன்பதாம் பகுதிப்படி வெல்டரைச் சோதித்துத் தகுதி தருவது அவரை வைத்து வேலை வாங்கும் நிறுவனம்தான். அதனால் அந்தத் தாளில் நிறுவனத்தின் பெயர், உங்கள் பெயர், வெல்டர் எண், சோதனை நடந்த தேதி எல்லாம் ஒன்றாக இருக்கும். அந்தத் தேதியில் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. இதே காரணத்தால் அது காட்டிக்கொடுக்கவும் செய்யும். 2018 நவம்பரில் இரண்டாம் ஒப்பந்ததாரரிடம் சோதனை கொடுத்த ஒருவர், முதல் ஒப்பந்ததாரரிடம் 2019 மார்ச் வரை இருந்ததாக இடைவெளியை நிரப்பி எழுதினால், வெல்டிங் இன்ஸ்பெக்டர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்த உடனே பிடித்துவிடுவார்.

இடைவெளியை நிரப்பச் சொல்வது பெரும்பாலும் ஏஜென்ட் அலுவலகத்தில்தான். நிரப்ப வேண்டியதில்லை என்பது என் அனுபவம். ஆனால் இடைவெளியின் நீளத்துக்கு ஒரு பொருள் உண்டு. அதே ஒன்பதாம் பகுதிப்படி, ஒரு வெல்டர் ஒரு முறையில், அதாவது டிக்கிலோ ஆர்க்கிலோ, தொடர்ந்து ஆறு மாதம் வெல்டிங்கே செய்யாமல் இருந்துவிட்டால் அந்த முறைக்கான அவருடைய தகுதி காலாவதியாகிவிடும். இரண்டு மாதம் திருமண வேலையாக ஊரில் இருந்தால் எவரும் பொருட்படுத்துவதில்லை. எட்டு மாதம் என்றால் புதுச் சோதனைத் தேதியைக் கேட்பார்கள். கேட்பதும் முறைதான்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, இந்தக் காகிதத்தில் எனக்கு உண்மையிலேயே பிடித்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மொழியே தேவைப்படாத ஒரு வரி அதில் இருக்கிறது. அதை மேலே, பெயருக்கு அடுத்தபடியாகப் போட்டதிலிருந்து, என் ஆங்கிலத்தைப் பற்றி யாரும் பேசியதில்லை.

```
TIG root + Arc fill | 6G | SA-106 Gr. B | 2" Sch 80 | ER70S-2 / E7018
```

நாற்பத்தைந்து பாகை சாய்த்து, அசையாமல் கட்டிய குழாயில், கார்பன் ஸ்டீலில், இரண்டு அங்குல விட்டத்தில், எந்தக் கம்பியும் எந்த ராடும் கொண்டு சோதனை கொடுத்தேன் என்பது முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. படிக்கத் தெரிந்தவர் இன்னும் மேலே போய்க் கணக்கிடுவார். இரண்டு அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 60.3 மில்லிமீட்டர் என்பதால், 25 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள குழாய்களை நான் ஒட்டலாம். ஆனால் ஷெட்யூல் 80-இல் சுவர் ஐந்தரை மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு முறையிலும் சோதனையில் இட்ட உலோகத்தின் கனத்தைப் போல இரண்டு மடங்கு வரைதான் தகுதி என்பதால், தடித்த நீராவிக் குழாய்க்கு இது போதாது. ஆறு அங்குல டபுள் எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங் குழாயில், அதாவது 22 மில்லிமீட்டர் சுவரில் சோதனை கொடுத்தவருக்கு ஆர்க் பங்கு 13 மில்லிமீட்டரைத் தாண்டி, குறைந்தது மூன்று அடுக்காக அமைந்திருந்தால், ஆர்க்குக்குக் கன வரம்பே இல்லை. 'கடின உழைப்பாளி, பொறுப்பானவர்' என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சேர்க்கும் பத்தியை எடுத்துவிட்டு, இந்த ஒரு வரியை வைக்கலாம்.

வேலை நடக்கும் இடத்துக்குப் போனதும் எப்படியும் மறுபடி சோதனை உண்டு. புது நிறுவனம் தன் பெயரில் தகுதி தர வேண்டும் என்பதால், பழைய தாள் எதுவும் அங்கே ராடு பிடிக்க அனுமதி தராது. அதாவது, இத்தனை பாடுபட்டுத் தேதி சரிபார்த்து எழுதிய காகிதம், கூப்பன் என்கிற சோதனைத் துண்டு ஒன்றை ஒட்டிக் காட்ட நம்மை அழைப்பதற்கு மட்டும்தான். எக்ஸ்ரே பிலிமில் குறை தெரிந்தால், அன்றைக்கே திரும்ப வேண்டியதுதான்.

மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்கு நான்கு தருவேன். அழைப்பு வாங்கித் தந்த ஒவ்வொரு முறையும் இதை நல்ல ரெஸ்யூம் என்றுதான் நினைத்தேன்; அந்த 'Employer' வரியைத் திருத்த உட்காரும் ஒவ்வொரு முறையும் ஒரு மதிப்பெண் குறைகிறது. அடுத்த விண்ணப்பத்துக்கும் இதையேதான் அனுப்பப் போகிறேன்.