9A ஏன் கடைசியில் நிற்கிறது? காட்டு எண் வரிசைக்கு மூன்று வழிகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது பழகிய தலைவலி. ஒன்பதாம் நம்பர் காட்டில் பாதியை இந்த வருஷம் கவாத்து செய்தால், அந்தப் பாதி 9A ஆகிவிடும். பத்தாம் நம்பரும் அப்படியே 10A, 10B என்று பிரியும். கொழுந்து எடையை எக்செலில் ஏற்றி, காட்டு எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் வருவது இது:

```
2, 9, 10, 11, 10A, 10B, 9A
```

எக்செல் எண்களை முதலில் வைக்கும், எழுத்தைப் பிறகு வைக்கும். 9 அதற்கு எண். 9A எழுத்துச் சரம். சரங்களை இடமிருந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுவதால், 10A-வின் ‘1’, 9A-வின் ‘9’க்கு முன்னால் போய்விடுகிறது. பத்து ஒன்பதை முந்துவது இப்படித்தான். பத்தியில் எல்லாமே எழுத்தாக இருந்தால் விளைவு இன்னும் மோசம்: 10, 10A, 10B, 11, 2, 9, 9A.

எது எண், எது எழுத்து என்று கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் சீரமைப்பை மாற்றாத வரை எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். சந்தேகம் இருந்தால் `=ISNUMBER(A2)` போட்டுப் பாருங்கள். வரிசைப்படுத்தும்போது, எண் போல இருப்பதை எண்ணாகவே கொள்ளட்டுமா என்று எக்செல் சில சமயம் கேட்கும். சரி சொன்னால் எழுத்தாகக் கிடக்கும் "9" திருந்தும். 9A-வுக்கு அதனால் பயன் இல்லை.

பலரும் முதலில் சொல்லும் தீர்வு முன்னால் சுழியம் சேர்ப்பது: 009, 009A, 010. பத்தி Text ஆக இருந்தால் எந்த மென்பொருளிலும் ஒழுங்காக நிற்கும். புதிதாக ஒரு பதிவேடு தொடங்குகிறீர்கள், எண்ணிடுவதும் நீங்களே என்றால் இதுவே போதும். ஆனால் காட்டுப் பலகையில் 9 என்றுதான் இருக்கும், மேஸ்திரி எழுதித் தரும் சீட்டிலும் 9 என்றுதான் வரும். ஒரு தாளில் 009, இன்னொன்றில் 9 என்று இருந்தால் VLOOKUP இரண்டையும் இணைக்காது. வரிசை சரியாகும், மாதக் கூட்டலில் ஒரு காடு விட்டுப்போகும்.

லிபர்ஆபிஸ் கால்க் வைத்திருப்பவர்களுக்கு வரிசைப்படுத்தும் பெட்டியின் Options-இல் `Enable natural sort` என்று ஒரு தேர்வு உண்டு. சரத்துக்குள் இருக்கும் இலக்கங்களை ஒரே எண்ணாகப் படித்து, 9A-வை 10A-வுக்கு முன்னால் வைக்கும். விண்டோஸ் கோப்புறையில் கோப்புப் பெயர்கள் அடுக்கப்படுவதும் இப்படித்தான். இதில் ஒரு பொறி உண்டு. எண்ணாகவே இருக்கும் 9, 10, 11 அப்போதும் தனியாக முன்னால் போய்விடும். முதலில் Text to Columns வழியாக முழுப் பத்தியையும் Text ஆக்க வேண்டும். கட்டத்தின் வடிவத்தை மட்டும் Text என்று மாற்றினால் ஏற்கெனவே உள்ள எண்கள் அசையாது. எக்செலில் இந்தத் தேர்வே கிடையாது என்பதால், கோப்பு ஆபீஸுக்குப் போய் அங்கே யாராவது மறுபடி வரிசைப்படுத்தினால் பழைய கதைதான்.

என் ஓட்டு துணைப் பத்திக்கு. A-இல் உள்ள பெயரைத் தொடாமல், B-இல் எண்ணையும் C-இல் எழுத்தையும் பிரித்து வைப்பது:

```
B2: =IF(ISNUMBER(RIGHT(A2)*1),A2*1,LEFT(A2,LEN(A2)-1)*1)
C2: =MID(A2,LEN(B2)+1,5)
```

B-யின் சூத்திரம் கடைசி எழுத்து இலக்கமா என்று பார்க்கிறது. இலக்கமாக இருந்தால் முழுவதையும் எண்ணாக்கும். இல்லையென்றால் அந்த எழுத்தை விட்டுவிட்டு மீதியை எண்ணாக்கும். 10A-வுக்கு B-இல் 10, C-இல் A வரும். 9-க்கு C வெறுமையாக இருக்கும். பிறகு முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்து, முதலில் B, அடுத்து C என்று வரிசைப்படுத்துங்கள்:

```
2, 9, 9A, 10, 10A, 10B, 11
```

இரண்டு பத்தி கூடுகிறதே என்று சிலர் முகம் சுளிப்பார்கள், மறைத்து வைத்தால் போயிற்று. எனக்கு இதில் பிடித்தது, தப்பான பதிவை இது காட்டிக்கொடுப்பதுதான். "9A"-க்குப் பின்னால் யாராவது ஓர் இடைவெளி விட்டிருந்தால் B-இல் `#VALUE!` வந்து நிற்கும். `TRIM` போட்டால் சரியாகும். மற்ற இரண்டு வழிகளும் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ஒரே எழுத்து பின்னால் வரும் பெயர்களுக்குத்தான் இந்தச் சூத்திரம். 9AB என்று வைத்தால் அங்கேயும் பிழைதான் வரும்.

துணைப் பத்தியாலும் காப்பாற்ற முடியாத ஒன்று இருக்கிறது. காட்டை 10-2 என்று எழுதினால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். 9 A என்று இடைவெளி விட்டால் காலை ஒன்பது மணியாக்கிவிடும். உள்ளே இருப்பது அப்போதே வேறு எண். பிறகு Text ஆக்கினாலும் பழைய பெயர் திரும்பாது. அதனால் தட்டச்சு தொடங்கும் முன்பே அந்தப் பத்தியை Text ஆக்கிவிடுங்கள். அப்படிச் செய்தாலும் மேலே உள்ள சூத்திரங்கள் 9, 9A போன்ற பெயர்களுக்கு மாற்றமில்லாமல் வேலை செய்யும். 10-2 போன்ற பெயரை மட்டும் B-யின் சூத்திரம் மறுபடி தேதியின் எண்ணாக்கிவிடும்.