ஊரில் எடுத்த காது டெஸ்ட்: சார்ட்டில் பார்க்க வேண்டியது

இந்த முறை ஊருக்குப் போனபோது பெரியப்பாவின் இடது காதுக்கு இரண்டு இடங்களில் டெஸ்ட் எடுத்தோம். முதல் இடத்தில் 'கடத்தல் குறைபாடு, ஆபரேஷனில் சரியாகலாம்' என்றார்கள். இரண்டாவது இடத்தில் 'நரம்புக் குறைபாடு' என்றார்கள். ஒரே காதுக்கு இரண்டு முடிவு வந்த காரணம் சார்ட்டிலேயே தெரிந்தது.

ஆடியோகிராம் எனும் இந்த சார்ட்டில் இடமிருந்து வலமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை சுருதி கூடும். கீழே இறங்க இறங்க டெசிபல் கூடும், அதாவது கேட்கும் திறன் குறைவு. ஹெட்ஃபோனில் கேட்ட காற்று வழி அளவு வலதுக்குச் சிவப்பு வட்டமாகவும் இடதுக்கு நீலப் பெருக்கல் குறியாகவும் இருக்கும். காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வியை வைத்து எடுத்த எலும்பு வழி அளவைக் கோண அடைப்புக்குறியில் போடுவார்கள். எலும்பு வழி சீராக இருந்து காற்று வழி மட்டும் 15 டெசிபலோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. அது கடத்தல் குறைபாடு. இரண்டும் 10 டெசிபலுக்குள் ஒட்டிக்கொண்டே இறங்கினால் நரம்புக் குறைபாடு. இரண்டும் இறங்கி, நடுவில் இடைவெளியும் இருந்தால் கலப்பு.

பெரியப்பாவின் முதல் சார்ட்டில் 1000 ஹெர்ட்ஸில் இடது காற்று வழி 60, எலும்பு வழி 15. இடைவெளி 45. பார்த்தால் அப்பட்டமான கடத்தல் குறைபாடுதான். ஆனால் அவருடைய வலது காது நன்றாகக் கேட்கும். அதிர்வியை எந்தப் பக்கம் வைத்தாலும் மண்டை எலும்பு முழுக்க அதிரும். இடது பக்கம் வைத்த ஒலியை வலது காது கேட்டுவிட்டு அவரைப் பொத்தானை அழுத்த வைத்திருக்கிறது. ஹெட்ஃபோன் ஒலியும் சுமார் 40 டெசிபலைத் தாண்டினால் எதிர்க்காதுக்குக் கசியலாம்.

அதனால்தான் நல்ல காதில் இரைச்சலை ஓடவிட்டு அதை மறைத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். ஆடியாலஜிஸ்டுகள் இதை மாஸ்கிங் என்பார்கள். இரண்டாவது இடத்தில் அப்படிச் செய்தபோது காற்று வழி 65, எலும்பு வழி 60. இடைவெளி வெறும் 5! மாஸ்கிங் செய்ததா என்று கேட்கவே வேண்டாம், குறியே சொல்லிவிடும்: இடது காற்று வழிக்குப் பெருக்கல் குறிக்குப் பதில் சதுரம், எலும்பு வழிக்குக் கோணத்துக்குப் பதில் பகர அடைப்பு. முதல் சார்ட்டில் இவை ஒன்றுமே இல்லை.

ஈஎன்டி டாக்டர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றி நடுவில் வைத்தும் பார்த்தார். ஒலி வலப்பக்கம் கேட்பதாகப் பெரியப்பா சொன்னார். கடத்தல் குறைபாடாக இருந்தால் மந்தமான இடப்பக்கம்தான் கேட்டிருக்கும். சார்ட்டும் கவையும் ஒத்துப்போகாவிட்டால் டெஸ்ட்டைத் திரும்ப எடுப்பதுதான் சரி.

ஒரு காதில் மட்டும் நரம்புக் குறைபாடு என்பதால், செவி நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார். இது மெல்ல வந்தது. ஓரிரு நாளில் திடீரென்று காது அடைத்துப்போனால் அன்றே ஈஎன்டியிடம் போக வேண்டும். ஸ்டீராய்டு தொடங்கத் தாமதமாகத் தாமதமாகத் திரும்பக் கேட்கும் வாய்ப்பு குறையும்.