கல்யாணக் கையேடு: மணிக்கணக்கா, மேளக்கணக்கா?

வெளிநாட்டு விருந்தினருக்கு ஆங்கிலக் கையேடு அச்சடிக்கும்போது சடங்குகளை இரண்டு விதமாக வரிசைப்படுத்தலாம். ஒன்று, நேரம் போட்டு: 7.30 காசி யாத்திரை, 8.15 ஊஞ்சல், 9.10 தாலி. அச்சில் அழகாக இருக்கும், ஆனால் மண்டபத்தில் நிற்காது. முகூர்த்தம் என்பது ஒரு நொடி அல்ல, பெரும்பாலும் ஒரு மணி, ஒன்றரை மணி நேர இடைவெளி. அதற்குள் எப்போது வேண்டுமானாலும் தாலி ஏறலாம். என் தங்கை கல்யாணத்தில் 9.10 என்று போட்டிருந்தோம். 8.55-க்கே கட்டியாகிவிட்டது. அவளுடன் வேலை பார்ப்பவர்கள் அப்போது காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் அது மனதை உறுத்துகிறது.

இன்னொன்று, அடையாளம் சொல்வது: "மாப்பிள்ளை குடையும் கைத்தடியுமாகக் கிளம்பினால் அது காசி யாத்திரை. பெண்ணின் அப்பா போய்த் தடுப்பார்." தாலிக்கு: "அட்சதைத் தட்டு உங்களிடம் வந்தால் ஒரு பிடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐயர் விரலை உயர்த்தி 'கெட்டிமேளம்' என்பார், நாதஸ்வரமும் தவிலும் ஒரேயடியாக முழங்கும். அப்போது தூவுங்கள். முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டையும் அவர் அக்காவோ தங்கையோ போடுவார்."

என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். சரி, நேரமே வேண்டாமா? முகூர்த்தத்தின் தொடக்கமும் முடிவும் அட்டையில் இருந்தால் போதும்.