எக்ஸ்போனென்ஷியல் ஸ்மூத்திங்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

விற்பனை முன்கணிப்புதான் என் வேலை. எந்தத் தரவு கைக்கு வந்தாலும் முதலில் ஓட்டுவது எக்ஸ்போனென்ஷியல் ஸ்மூத்திங். 1950களில் ராபர்ட் பிரவுனும் சார்லஸ் ஹோல்ட்டும் அமைத்த முறை. 1960ல் பீட்டர் வின்டர்ஸ் பருவ ஏற்ற இறக்கத்தோடு சோதித்துக் காட்டினார். இத்தனை வருடம் கழித்தும் இதை என்னால் ஓரங்கட்ட முடியவில்லை.

இதன் அடிப்படை ஒரு வரிதான். கணிப்பு 100, நடந்தது 120, ஆல்ஃபா 0.3 என்றால் அடுத்த கணிப்பு 106. தவறிய 20ல் 30 சதவீதத்தை மட்டும் ஏற்றுக்கொள்கிறது. பழைய மாதங்களின் எடை படிப்படியாகக் கரைந்துகொண்டே போகும். ஹோல்ட்-வின்டர்ஸ் வடிவத்தில் மட்டம், போக்கு, பருவம் மூன்றுக்கும் தனித்தனியாக இதே திருத்தம் நடக்கிறது.

```python
from statsmodels.tsa.holtwinters import ExponentialSmoothing
m = ExponentialSmoothing(y, trend="add", seasonal="mul",
                         seasonal_periods=12).fit()
f = m.forecast(12)
```

புது மாடலை ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படைக் கணிப்பு என்று எதையாவது வைத்தால் போதாது, நல்லதாக வைக்க வேண்டும். இதை எல்லோருக்கும் தெரிந்த AirPassengers தரவிலேயே காட்டிவிடலாம். 1949 முதல் 1960 வரை சர்வதேச விமானப் பயணிகளின் மாதாந்திர எண்ணிக்கை, ஆயிரங்களில். 1960ஐ மறைத்து வைத்துக் கணிப்போம்.

'போன வருடம் இதே மாதம் எவ்வளவோ, இந்த வருடமும் அவ்வளவே' என்று எடுத்தால் சராசரித் தவறு மாதத்துக்கு 47.8. பன்னிரண்டு மாதமும் கணிப்பு குறைவாகவே நிற்கும், ஏனென்றால் வளர்ச்சியை அது கண்டுகொள்வதே இல்லை. சரி, வளர்ச்சியைச் சேர்ப்போம். 1958ன் மொத்தம் 4572, 1959ன் மொத்தம் 5140. விகிதம் சுமார் 1.124. 1959ன் ஒவ்வொரு மாதத்தையும் இதால் பெருக்கினால் சராசரித் தவறு 13.4க்கு இறங்குகிறது. ஜூலைக்கு 616 வருகிறது, நடந்தது 622. ஹோல்ட்-வின்டர்ஸ் இதே யோசனையை மாதாமாதம் புதுப்பித்துக்கொண்டே செய்கிறது.

இப்போது ஒருவர் எல்எஸ்டிஎம் என்ற நியூரல் நெட்வொர்க் மாடல் ஒன்றைக் கொண்டுவந்து, தவறு 30 என்கிறார் என்று வையுங்கள். 47.8க்குப் பக்கத்தில் வைத்தால் பிரமாதமாகத் தெரியும். 13.4க்குப் பக்கத்தில் வைத்தால், ஒரே ஒரு பெருக்கலிடம் தோற்ற மாடல் அது. அதனால் ஒப்பீட்டு அட்டவணையில் நல்ல அடிப்படைக் கணிப்பு இல்லாத எந்த டீப் மாடல் முடிவையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. 2020ல் வால்மார்ட் விற்பனைத் தரவை வைத்து நடந்த M5 முன்கணிப்புப் போட்டியிலும் இதுதான் நடந்தது. துல்லியப் பிரிவில் கலந்துகொண்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அணிகளில், எக்ஸ்போனென்ஷியல் ஸ்மூத்திங்கில் அமைந்த அடிப்படைக் கணிப்பைத் தாண்டியவை சுமார் 7.5 சதவீதம்தான். தாண்டியவர்கள் நன்றாகவே தாண்டினார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

1960க்கே திரும்புவோம். மேலே செய்த கணக்கில் மிகப் பெரிய தவறு மார்ச்சில்: கணிப்பு 456, நடந்தது 419. ஏப்ரலில் நேர்மாறு: கணிப்பு 445, நடந்தது 461. காரணம் பெரும்பாலும் ஈஸ்டர்தான். 1959ல் மார்ச் 29 அன்று வந்த ஈஸ்டர், 1960ல் ஏப்ரல் 17க்குப் போய்விட்டது. பருவக் குறியீட்டுக்கு மாதம்தான் தெரியும், பண்டிகை தெரியாது. நம் ஊர் துணிக்கடைத் தரவில் இதே சிக்கல் தீபாவளியால் வரும்: 2023ல் நவம்பர் 12, 2024ல் அக்டோபர் 31. அடுத்தடுத்த இரண்டு மாதங்களில் ஒன்று மிகையாகவும் ஒன்று குறையாகவும் தவறினால், முதலில் பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள். இதைச் சரிசெய்ய நியூரல் நெட்வொர்க் வேண்டியதில்லை, பண்டிகை நாட்களுக்கு ஒரு பத்தி சேர்த்த ரிக்ரெஷன் போதும்.

இந்த முறை உண்மையிலேயே கைவிடும் இடங்களும் உண்டு. வரலாறே இல்லாத புதுப் பொருளுக்கு இதனிடம் சொல்ல எதுவும் கிடையாது. விலைக்குறைப்பு, விளம்பரம் எதுவும் இதற்குத் தெரியாது. பல நாள் பூஜ்யம், திடீரென்று ஒரு விற்பனை என்று போகும் உதிரிபாகங்களுக்கும் சரிவராது. ஆயிரக்கணக்கான பொருட்களின் தரவு ஒன்றுக்கொன்று பாடம் சொல்லக்கூடிய இடத்தில் பெரிய மாடல்களுக்கு நியாயமான வாய்ப்பு இருக்கிறது. 2018ல் M4 போட்டியை வென்றதுகூட எக்ஸ்போனென்ஷியல் ஸ்மூத்திங்கையும் நியூரல் நெட்வொர்க்கையும் சேர்த்துக் கட்டிய கலப்பு மாடல்தான்.

ஒப்பிடும்போது ஒரே ஒரு கடைசி வருடத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். கணிப்பு தொடங்கும் மாதத்தை ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் இரண்டு மாடல்களையும் அதுவரையிலான தரவில் மட்டும் புதிதாகப் பொருத்துங்கள். பெரிய மாடல் பெரும்பாலான தொடக்கங்களில் வென்றால் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டில் மட்டும் பெரிதாக வென்று சராசரியை இழுத்திருந்தால், அந்த மாதங்களில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.