காம்போ பேக் இருப்புத் தாள்: விற்கும்போது கழிப்பதா, கட்டும்போது கழிப்பதா?

சாம்பார் பொடி, ரசப்பொடி, இட்லிப் பொடி, மஞ்சள் தூள் ஆகியவற்றைத் தனிப் பாக்கெட்டாகவும் காம்போவாகவும் விற்கும் ஒரு சிறு கடையின் இருப்புக் கணக்கை நான் பார்த்து வருகிறேன். C1 என்ற காம்போவில் சாம்பார் பொடி 1, ரசப்பொடி 1, இட்லிப் பொடி 2 இருக்கும். C2-இல் சாம்பார் பொடி 1, மஞ்சள் தூள் 2 இருக்கும். ஒரு காம்போ போனால் அதற்குள் உள்ள எல்லாப் பொருள்களின் இருப்பும் ஒருசேரக் குறைய வேண்டும். கையால் ஒவ்வொன்றாகக் கழிக்கும் முறையை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. கூட்டமான நாளில் ஒரு பொருளைக் கழிக்க மறந்துவிட்டால், அது எந்த நாளில் விட்டுப்போனது என்று பிறகு கண்டுபிடிக்க வழி இராது.

மற்ற இரண்டு முறைகளுக்கும் Recipe என்ற தாளே அடிப்படை. அதில் A-இல் காம்போவின் குறியீடு, B-இல் பொருள், C-இல் எண்ணிக்கை என்று பொருளுக்கு ஒரு வரியாக எழுதுகிறோம். C1-க்கு மூன்று வரிகள், C2-க்கு இரண்டு.

முதல் முறையில், விற்பனை பதிவாகும்போதே பொருள்கள் கழிகின்றன. Sales தாளின் B-இல் விற்ற பொருள் அல்லது காம்போவின் குறியீடும், C-இல் எண்ணிக்கையும் இருக்கும். Stock தாளில் A2 பொருளின் பெயர், B2 இதுவரை உள்ளே வந்த மொத்தம் என்றால், கையிருப்பு இப்படி வரும்:

```
=B2-SUMIF(Sales!B:B,A2,Sales!C:C)
 -SUMPRODUCT((Recipe!$B$2:$B$50=A2)
 *Recipe!$C$2:$C$50
 *SUMIF(Sales!B:B,Recipe!$A$2:$A$50,Sales!C:C))
```

முதல் கழித்தல் தனிப் பாக்கெட் விற்பனைக்கு. இரண்டாவது, காம்போக்களுக்குள் போனவற்றுக்கு. எத்தனை காம்போ கட்டலாம் என்பதை, ஒவ்வொரு பொருளின் இருப்பையும் அதன் தேவையால் வகுத்து வரும் முழு எண்களில் மிகச் சிறியது சொல்லிவிடும். சாம்பார் பொடி 60, ரசப்பொடி 45, இட்லிப் பொடி 70 இருந்தால், C1-க்கு 60, 45, 35 என்று வருவதால் விடை 35. மஞ்சள் தூள் 80 இருந்தால் C2-க்கு விடை 40.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 35, 40 என்ற இரண்டு எண்களும் தனித்தனியே சரியானவை; ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் வாடிக்கையாளருக்குக் காட்டினால் 75 சாம்பார் பொடிக்கு ஆர்டர் வாங்க இடம் கொடுக்கிறோம், கையில் இருப்பதோ 60. பொதுப் பொருளைக் காம்போக்களுக்கு இடையே முன்கூட்டியே பங்கிட்டு, அந்தப் பங்கிலிருந்துதான் எண்ணிக்கையை வெளியிட வேண்டும்.

இரண்டாம் முறையில், பெட்டி கட்டும்போதே பொருள்கள் கழிகின்றன. Packing என்று இன்னொரு தாள் வைத்து, கட்டிய காம்போவையும் எண்ணிக்கையையும் அதே நெடுவரிசைகளில் பதிகிறோம். மேலுள்ள சூத்திரத்தின் கடைசி SUMIF-இல் மட்டும் Sales என்பது Packing ஆகிறது. கட்டிய பெட்டிகளின் இருப்பு, Packing மொத்தத்திலிருந்து Sales மொத்தத்தைக் கழித்தால் கிடைக்கும். விற்காத நான்கு பெட்டிகளைப் பிரித்தால் −4 என்று பதிந்தால் போதும், பொருள்கள் தம் இருப்புக்குத் திரும்பிவிடும்.

ஆர்டர் வந்த பிறகே கட்டும் கடைக்கு முதல் முறையே போதும். கூடுதலாக ஒரு பதிவைத் தினமும் எழுதச் சொல்வது வீண் சுமை. முன்கூட்டியே கட்டிவைக்கும் கடைக்கு இரண்டாம் முறைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு பொங்கல் வாரத்தில் முதல் முறையை வைத்துக்கொண்டே 40 C1 பெட்டிகளைக் கட்டி அடுக்கிவிட்டோம். மறுநாள் அலமாரியை எண்ணியபோது தாளில் இட்லிப் பொடி 110, அலமாரியில் 30. திருட்டோ என்றுகூட எண்ணினோம். பிறகு பார்த்தால் சாம்பார் பொடியில் 40, ரசப்பொடியில் 40, இட்லிப் பொடியில் 80 என்று குறைவு 1:1:2 என்ற விகிதத்தில் இருந்தது. குறைவு Recipe தாளின் விகிதத்திலேயே வந்தால், சரக்கு பெரும்பாலும் கட்டிய பெட்டிகளுக்குள்தான் இருக்கிறது. ஒரே ஒரு பொருளில் மட்டும் குறைந்தால், பதியாத தனி விற்பனையையோ சேதத்தையோ தேட வேண்டும்.

எந்த முறையானாலும் Recipe தாளில் பழைய வரியைத் திருத்தக் கூடாது. C1-இல் இட்லிப் பொடியை இரண்டிலிருந்து ஒன்றாக மாற்றினால், சூத்திரம் ஏற்கெனவே கழித்த 120 காம்போக்களையும் புதிய எண்ணால் கணக்கிட்டு, இல்லாத 120 பாக்கெட்டுகளை இருப்பில் ஏற்றிவிடும். மாறிய சேர்க்கைக்கு C1B என்று புதிய குறியீடு கொடுத்து, அதன் வரிகளைக் கீழே சேர்க்க வேண்டும்; பழைய C1 வரிகள் அப்படியே இருக்கட்டும்.